அம்மா, அப்பாவுக்கு: சான்றிதழைப் போட்டோ எடுத்து ஈமெயிலில இணைச்சு அனுப்புற முறை

அன்பின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

என்ட பிறப்புச் சான்றிதழின் போட்டோ ஈமெயிலில எனக்கு வேணும். வட்ஸ்அப்பில நீங்க அனுப்பினது கிடைச்சது. ஆனா அதில பதிவு இலக்கத்தையும் முத்திரைக்குள்ள சுற்றி இருக்கிற எழுத்தையும் இங்க டொரொன்டோவில மொழிபெயர்க்கிறவரால வாசிக்க ஏலாம இருக்கு. அவர் முத்திரையில இருக்கிறதையும் சேர்த்து ஆங்கிலத்தில எழுதிக் கையெழுத்து வைக்க வேணும். ஒரு எழுத்து விளங்காட்டியும் அந்த இடத்தில "வாசிக்க முடியவில்லை" என்றுதான் எழுதுவார். அப்படி எழுதின தாளைக் கொண்டுபோய்க் கந்தோரில குடுக்க நான் விரும்பல்ல.

இந்தக் கடிதத்தைத் தங்கச்சி பிரிண்ட் எடுத்துத் தருவா. போனில வேலை செய்யிற நேரம் போனிலேயே கடிதத்தையும் வாசிக்க ஏலாது. அதால இந்தத் தாளைப் பக்கத்தில வச்சுக்கொண்டு, அம்மா வாசிக்க அப்பா செய்யட்டும், இல்லாட்டி அப்பா வாசிக்க அம்மா செய்யட்டும். திரையில ஆங்கிலத்தில தெரியிற சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில தந்திருக்கன். அதை வாசிக்கக் கஷ்டமா இருந்தா, பக்கத்தில இருக்கிற படக்குறியை மட்டும் பார்த்தாலும் போதும்.

வட்ஸ்அப்பில போனது ஏன் மங்கினது?

உங்கட போன் எடுக்கிற ஒரு போட்டோவில நீளப்பக்கம் 4000 புள்ளி, அகலப்பக்கம் 3000 புள்ளி இருக்கும். வட்ஸ்அப் சாதாரணமா ஒரு போட்டோவை அனுப்பும்போது, கெதியாப் போகவேணும் எண்டு அதைச் சுருக்கிப்போடும். நீளப்பக்கம் கிட்டத்தட்ட 1600 புள்ளிக்கு வந்துடும். கோயில் திருவிழாப் படம், பிள்ளைகளின்ட படம் எல்லாத்துக்கும் அது தாராளம். சான்றிதழுக்குக் காணாது.

கணக்கைப் பாருங்க. சான்றிதழ் 13 அங்குல நீளத்தாள் எண்டு வைப்பம். அது போட்டோவை முழுசா நிரப்பினா, ஒரு அங்குலத்துக்கு 4000-ஐ 13-ஆல பிரிச்சு 300 புள்ளிக்குக் கொஞ்சம் மேல வரும். கடையில ஸ்கான் பண்ணுறவங்களும் பத்திரத்துக்கு 300 தான் வைப்பாங்க. அதே தாள் 1600-க்குச் சுருங்கினா ஒரு அங்குலத்துக்கு 123 புள்ளிதான். பெரிய எழுத்து அப்பவும் விளங்கும். பேனையால நெருக்கி எழுதின பழைய கையெழுத்தும், மை பரவின ரப்பர் முத்திரையும் விளங்காது. ஈமெயிலில இணைச்சா போட்டோ எடுத்தபடியே சுருங்காம வந்து சேரும். அதுக்காகத்தான் ஈமெயில் கேக்கிறன்.

முதல் வேலை: நல்ல போட்டோ

போட்டோ சரியில்லாட்டி எப்படி இணைச்சாலும் பிரயோசனம் இல்ல. அதால இதுக்குத்தான் கூட நேரம் எடுங்க.

காலையில ஒன்பது, பத்து மணிக்கு முன்விறாந்தையில செய்யுங்க. வெயில் நேரா விழுற இடம் வேணாம், வெயில் விழாத வெளிச்சமான இடம் வேணும். வெயிலுக்குள்ள வச்சா கடதாசி வெள்ளையா எரிஞ்சு மெல்லிய எழுத்து மறைஞ்சு போகும், உங்கட கையின்ட நிழலும் கறுப்பா விழும். அறைக்குள்ள லைட்டுக்குக் கீழ செய்யவும் வேணாம். லைட் தலைக்கு மேல இருக்கிறதால போனின்ட நிழலே கடதாசியில விழும். வெளிச்சம் குறைஞ்சா படம் எடுக்க போனுக்குக் கூட நேரம் தேவைப்படும், அந்த நேரத்துக்குள்ள கை கொஞ்சம் அசைஞ்சாலும் எழுத்து இரட்டையாத் தெரியும்.

பின்னேரம் காத்துக் கூட. கடதாசி எழும்பி நிக்கும். காலையில அந்தக் கரைச்சல் குறைவு.

சான்றிதழைப் பொலித்தீன் உறையில இருந்து வெளியில எடுங்க. உறையோட எடுத்தா வெளிச்சம் பட்டுப் பளபளக்கிற இடத்தில எழுத்து தெரியாது. மடிப்பை உள்ளங்கையால மெதுவா நீவிவிடுங்க, மடிப்புப் பழசா இருந்தா அழுத்த வேணாம், கிழியும். மேசையில கடும் நிறச் சீலை ஒன்றை விரிச்சு அதுக்கு மேல வையுங்க. வெள்ளை மேசைவிரிப்பில வச்சா கடதாசியின்ட ஓரம் எது எண்டு தெரியாது. நாலு மூலையும் வெட்டுப்படாமத் தெரிஞ்சாத்தான் இது முழுத்தாள் எண்டு ஏத்துக்கொள்ளுவாங்க. மூலை சுருண்டா விரலால பிடிக்க வேணாம், ஓரத்தில எழுத்து இல்லாத இடமாப் பார்த்து நாணயக்குற்றி ஒன்றை வையுங்க.

இனி போன். கமராவைத் திறந்து, மின்னல் மாதிரி இருக்கிற குறியைத் தட்டி ஃப்ளாஷை நிப்பாட்டுங்க. மின்னலுக்குக் குறுக்கால கோடு விழுந்தா நிண்டுட்டு எண்டு அர்த்தம். ஃப்ளாஷ் அடிச்சா தாளின்ட நடுவில வெள்ளை வட்டம் விழும், அந்த இடத்தில என்ன இருந்தது எண்டு யாராலும் சொல்ல ஏலாது. கமராவின்ட கண்ணாடியையும் பருத்திச் சீலையால ஒருக்காத் துடையுங்க. அடுப்படியில பிடிச்ச கைப்பட்டு எண்ணெய் இருந்தா படம் முழுக்கப் புகை பிடிச்ச மாதிரி வரும்.

போனைக் கடதாசிக்கு நேர் மேல பிடியுங்க. சாய்ச்சுப் பிடிச்சா கிட்ட இருக்கிற பக்கம் அகலமாகவும் தூர இருக்கிற பக்கம் ஒடுக்கமாகவும் வரும், தூரப் பக்கத்து எழுத்தும் மங்கும். கதிரையில இருந்து எடுத்தா கட்டாயம் சாயும். எழும்பி நிண்டு, மேசை ஓரத்தில வயிறு முட்ட, இரண்டு கையாலயும் பிடியுங்க. திரையில நாலு மூலையும் தெரிஞ்சு, சுற்றி ஒரு விரல் அளவு சீலை தெரிஞ்சாச் சரி. அதைவிடத் தூரம் போனா புள்ளியெல்லாம் சீலைக்குத்தான் செலவாகும். இரண்டு விரலால விரிச்சுப் பெரிசாக்கி எடுக்கவும் வேணாம். அது படத்தை இழுத்துக் காட்டுமே தவிர எழுத்தைக் கூட்டித் தராது. பெரிசா வேணும் எண்டா போனைக் கிட்டக் கொண்டுபோங்க.

எடுக்க முதல், திரையில முத்திரை தெரியிற இடத்தில ஒருக்கா விரலால தட்டுங்க. ஒரு சின்ன வட்டமோ சதுரமோ வந்து, எழுத்து தெளியும். தெளிஞ்சாப் பிறகு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு பட்டனைத் தொடுங்க.

உடனே அந்தப் படத்தைத் திறந்து, இரண்டு விரலால பெரிசாக்கி மூன்று இடத்தைப் பாருங்க: பதிவு இலக்கம், பதிவாளரின்ட கையெழுத்துக்குப் பக்கத்தில இருக்கிற திகதி, முத்திரையின்ட வட்டத்தைச் சுற்றி இருக்கிற எழுத்து. மூன்றையும் கடதாசியைப் பார்க்காமலே அப்பாவால வாசிக்க ஏலும் எண்டா நல்ல போட்டோ. ஒன்றாவது விளங்காட்டி அதை அழிச்சுட்டு இன்னொன்று எடுங்க. அழிக்காம விட்டா, இணைக்கிற நேரம் இரண்டும் ஒரே மாதிரித் தெரிஞ்சு பிழையானது வந்துடும்.

படம் பக்கவாட்டில சரிஞ்சு தெரிஞ்சா யோசிக்க வேணாம். போன் குனிஞ்சு நிலத்தைப் பார்க்கும்போது எந்தப் பக்கம் மேல எண்டு அதுக்கே தெரியாது. நான் இங்க திருப்பிக்கொள்ளுவன், எழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

பின்பக்கத்திலயும் எழுத்தோ முத்திரையோ இருந்தா அதையும் இதே மாதிரி எடுங்க. ஒரு சின்னக் குறிப்பு மட்டும் இருந்தாலும் எடுங்க.

ஈமெயிலைத் திறக்கிறது

என்ட ஈமெயில் விலாசத்தை நீங்க அடிக்கத் தேவையில்ல. "பிறப்புச் சான்றிதழ்" எண்டு தலைப்புப் போட்டு உங்களுக்கு ஒரு ஈமெயில் அனுப்பியிருக்கன். அதுக்குப் பதில் போட்டா விலாசம் தானா வந்துடும். விலாசத்தில ஒரு எழுத்து பிழைச்சாலும் உங்கட பத்திரம் வேறு யாருக்கோ போகக்கூடும், அதால இந்த வழிதான் நல்லது.

போனில வெள்ளைப் பின்னணிக்கு மேல M எழுத்து மாதிரி, பல நிறத்தில இருக்கிற படக்குறி Gmail. அதைத் தட்டுங்க. ஈமெயில்கள் வரிசையா வரும். என்ட பேர் உள்ளதைத் தட்டுங்க. மேல தெரியாட்டி விரலால மேல தள்ளித் தேடுங்க. திறந்தாப் பிறகு அடியில Reply எண்டு, இடப்பக்கம் வளைஞ்ச அம்புக்குறியோட இருக்கும். அதைத் தட்டுங்க. பக்கத்தில இருக்கிற Forward வேணாம், அது வேறு ஆளுக்கு அனுப்புறது.

இப்ப எழுதுற பக்கம் வரும். To எண்டதுக்கு நேர என்ட பேர் இருக்கும். சில போனில பக்கம் முழுசா வராம அடியில ஒரு சின்னப் பெட்டி மட்டும் வரும். அப்படி வந்தா, பெட்டியின்ட ஓரத்தில இருக்கிற பெரிதாக்குற அம்புக்குறியைத் தட்டுங்க, முழுப் பக்கமாகும்.

ஒன்றும் எழுதத் தேவையில்ல. விரும்பினா "முன்பக்கம், பின்பக்கம்" எண்டு மட்டும் எழுதுங்க.

இணைக்கிறது

மேல வலப்பக்கத்தில கடதாசியில குத்துற கிளிப் மாதிரி ஒரு குறி இருக்கு. அதுதான் இணைக்கிற குறி. அதைத் தட்டினா ஒரு சின்னப் பட்டியல் வரும். அது போனுக்குப் போன் இரண்டு விதமா வரும்.

Attach file எண்டு இருந்தா அதைத் தட்டுங்க. Photos எண்டு இருந்தா அதைத் தட்டுங்க. இரண்டுக்கும் போட்டோ தெரிவு செய்யிற பக்கம்தான் வரும். Drive எண்டு இருக்கிறதைத் தொட வேணாம். அது போட்டோவை அனுப்பாம, வேறு இடத்தில இருக்கிற படத்துக்கு வழி காட்டுறது. எனக்குத் திறக்க அனுமதி இருக்கா இல்லையா எண்ட கரைச்சல் அதில வரும். போன் இடையில "அனுமதி தரவா" எண்டு கேட்டா Allow எண்டதைத் தட்டுங்க. அதைக் குடுக்காட்டி படங்கள் ஒன்றும் தெரியாது.

இப்ப சின்னச் சின்னப் படங்கள் வரிசையா வரும். கடைசியா எடுத்ததுதான் முதலாவதா இருக்கும். சான்றிதழைப் போட்டோ எடுத்த கையோட வந்திருந்தா, முன்பக்கமும் பின்பக்கமும் மேலயே இருக்கும். இடையில யாராவது வட்ஸ்அப்பில படம் அனுப்பியிருந்தா அதுகளும் கலந்து கிடக்கும். முன்பக்கப் படத்தை ஒருக்காத் தட்டுங்க. சில போனில தட்டின உடனேயே எழுதுற பக்கத்துக்குத் திரும்பி வந்துடும். சிலதில படத்தில சரி அடையாளம் விழுந்து, Add எண்டோ Done எண்டோ Select எண்டோ ஒரு பட்டன் வரும். அதையும் தட்டினாத்தான் போட்டோ இணையும். தட்டாம பின்னுக்குப் போனா ஒன்றும் இணையாது. வழமையா ஆக்கள் பிழைக்கிற இடம் இதுதான்.

இரண்டு படத்தையும் ஒரேயடியா எடுக்க வழி இருக்கு, ஆனா விரலை அழுத்திப் பிடிக்க வேணும், கொஞ்சம் கூட அழுத்தினா வேறு எதாவது திறக்கும். ஒன்றொன்றா இணைக்கிறதுதான் ஆறுதலான வழி. முன்பக்கத்தை இணைச்சாப் பிறகு திரும்பவும் கிளிப்பைத் தட்டி, அதே மாதிரிப் பின்பக்கத்தையும் எடுங்க.

இணைஞ்சது சரியான படமா?

இதை வடிவாப் பாருங்க. எழுதுற பக்கத்தின்ட அடியில ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெட்டி தெரியும். அதில படத்தின்ட பேரும் அளவும் இருக்கும். அந்தப் பேரை வாசிச்சாலே படம் எங்கயிருந்து வந்தது எண்டு விளங்கும். இப்படி மூன்று விதமா இருக்கும்:

```
20250614_101522.jpg
IMG-20250614-WA0003.jpg
Screenshot_20250614_101811.jpg
```

முதலாவது கமராவில எடுத்த படம். இலக்கத்தைப் பிரிச்சுப் பார்த்தா 2025 ஆம் ஆண்டு 6 ஆம் மாதம் 14 ஆம் திகதி, காலை 10 மணி 15 நிமிசம் 22 செக்கன். நீங்க எடுத்த நாளும் நேரமும் அப்படியே அதில நிக்கும். சில போனில முன்னுக்கு IMG_ எண்டும் சேர்ந்து இருக்கும், அதுவும் சரிதான். இரண்டாவதில WA எண்டு இருக்கு பாருங்க, அது வட்ஸ்அப்புக்குள்ளால வந்த, சுருங்கின படம். அதை இணைச்சா ஈமெயிலில அனுப்பியும் பிரயோசனம் இல்ல, சுருங்கினது திரும்ப விரியாது. மூன்றாவது திரையைப் பிடிச்ச படம். அதில போனின்ட திரையில தெரிஞ்ச அளவுதான் இருக்கும், மேல மணிக்கூடும் பற்றரிக் குறியும் சேர்ந்து வரும்.

சில புதுப் போனில பேருக்குப் பதிலா 1000004512.jpg மாதிரி வெறும் இலக்கம் மட்டும் வரும். அப்ப பேரை விட்டுட்டு அளவைப் பாருங்க. கமராவில எடுத்த படம் எண்டா அநேகமா 2 MB-க்கும் 6 MB-க்கும் இடையில இருக்கும். MB எண்டு இல்லாம 180 KB, 240 KB மாதிரி இருந்தா அது சுருங்கின படம். பெட்டியின்ட ஓரத்தில இருக்கிற பெருக்கல் குறியைத் தட்டினா அந்தப் படம் ஈமெயிலில இருந்து மட்டும் போகும், போனில இருந்து அழியாது. பயமில்லாமத் தட்டிட்டு, சரியானதை இணையுங்க.

ஜிமெயிலில ஒரு ஈமெயிலில 25 MB வரைக்கும் இணைக்கலாம். உங்கட இரண்டு படமும் 4 MB வீதம் 8 MB தான். அதால அளவைப் பற்றி யோசிக்கவோ, படத்தைச் சிறிசாக்கவோ வேணாம். பத்துப் படத்தை ஒன்றா இணைச்சா மட்டும் எல்லையைத் தாண்டும்.

அனுப்புறதும், போகாம நிக்கிறதும்

மேல வலப்பக்கம் கடதாசி விமானம் மாதிரிக் குறி இருக்கு. அதைத் தட்டுங்க. அடியில Sending எண்டும், பிறகு Sent எண்டும் வரும். Sent-க்குப் பக்கத்தில Undo எண்டு கொஞ்ச நேரம் நிக்கும், அதைத் தொட வேணாம். தொட்டா அனுப்பினது திரும்பி வந்துடும்.

Sending எண்டு வந்து மறைஞ்சதை வச்சுப் போயிட்டு எண்டு முடிவு எடுக்க வேணாம். ஜிமெயிலுக்குள்ள மேல இடப்பக்க மூலையில மூன்று கோடு இருக்கு. அதைத் தட்டினா ஒரு பட்டியல் வரும். அதில Sent எண்டதைத் தட்டி, உங்கட ஈமெயிலைத் திறந்து, அதுக்குள்ள படத்தையும் தட்டிப் பாருங்க. அங்க சான்றிதழ் திறந்தா எனக்கு வந்துட்டு.

Sent-க்குள்ள இல்லாட்டி அதே பட்டியலில Outbox எண்டதைப் பாருங்க. அங்க Queued எண்டு இருந்தா, ஈமெயில் எழுதி முடிஞ்சுட்டு, நெட் கிடைக்கக் காத்திருக்கு எண்டு அர்த்தம். இதைக் கண்டுட்டுத் திரும்பத் திரும்ப எழுதி அனுப்ப வேணாம். நெட் வந்த உடனே எல்லாம் சேர்ந்து வரும், உங்கட டேட்டாவும் அத்தனை மடங்கு போகும்.

நெட் ஏன் இல்லை எண்டு பார்க்க ஒரு விசயத்தைக் கவனியுங்க. வட்ஸ்அப் வேலை செய்யும், பேஸ்புக் வேலை செய்யும், ஈமெயில் மட்டும் போகாது. அப்படி எண்டா போன் பழுதில்ல. ரீலோட் போடும்போது வட்ஸ்அப், பேஸ்புக்குக்கு மட்டும் எண்டு விக்கிற மலிவான பெக்கேஜைப் போட்டிருக்கீங்க. அந்த டேட்டாவை ஜிமெயில் பாவிக்க ஏலாது. என்னோட வீடியோவில கதைக்கிற சிம்மில ஈமெயில் போகாம நிக்கிறதுக்குக் கூடுதலா இதுதான் காரணம். சரிபார்க்க இலகுவான வழி, Chrome-ஐத் திறந்து ஏதாவது ஒரு செய்திப் பக்கத்தைப் பாருங்க. அது திறக்காட்டி, கடையில "எல்லாத்துக்கும் பாவிக்கிற டேட்டா" எண்டு கேட்டு ஆகக் குறைஞ்ச பெக்கேஜ் ஒன்று போடுங்க. ஈமெயிலில போகும்போது இணைப்பு மூன்றில ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடப் பெருக்கும். 8 MB படம் போக 11 MB போல செலவாகும். அதால 100 MB இருந்தாலே தாராளம், பெரிய பெக்கேஜ் வேணாம்.

டேட்டா இருந்தும் நிக்குது எண்டா சிக்னல். படுவான்கரைப் பக்கம் வீட்டுக்குள்ள ஒரு கோடும் இரண்டு கோடும்தான் கிடைக்கும். கதைக்க அது போதும், 8 MB தள்ளக் காணாது. முற்றத்தில, மரத்துக்கு வெளிய நிண்டு பாருங்க. அப்பவும் போகாட்டி அப்படியே விட்டுடுங்க. அப்பா மண்டூரில இருந்து களுவாஞ்சிகுடிக்குச் சந்தைக்குப் போற நேரம் அந்தப் போனைக் கொண்டுபோனாலே போதும். அங்க சிக்னல் கிடைச்ச உடனே Outbox-இல நிக்கிறது தானா அனுப்பப்படும். பற்றரி குறைஞ்சு, பற்றரியைச் சேமிக்கிற முறையில போன் இருந்தா ஜிமெயில் பின்னால வேலை செய்யாம நிக்கலாம். ஒருக்கா ஜிமெயிலைத் திறந்து இரண்டு நிமிசம் திரை அணையாம வச்சிருங்க.

மூன்றாவது ஒரு காரணமும் இருக்கு, அரிதுதான். ஜிமெயிலின்ட மேல சேமிப்பு இடம் நிரம்பிட்டு எண்டு, storage எண்ட சொல்லோட ஒரு எச்சரிக்கை வரலாம். ஒரு கணக்குக்கு இலவசமாக் கிடைக்கிறது 15 GB. வட்ஸ்அப் தன்ட பிரதியையும் அதுக்குள்ளதான் எழுதி வைக்கும், வீடியோவையும் சேர்க்கிற மாதிரி வச்சிருந்தா வாற வீடியோவும் அதில சேரும். நிரம்பினா ஈமெயில் போகவும் மாட்டாது, வரவும் மாட்டாது. அந்த எச்சரிக்கையைக் கண்டா நீங்களா ஒன்றையும் அழிக்க வேணாம். திரையை இன்னொரு போனால படம் எடுத்து எனக்கு வட்ஸ்அப்பில போடுங்க. அப்பம்மாவின்ட பழைய படங்களும் அதுக்குள்ளதான் கிடக்கு, எதை எடுக்கிறது எண்டு சேர்ந்து பார்த்து அழிப்பம்.

கடைக்குப் போறதா இருந்தா

ஒன்றும் சரிவராட்டி களுவாஞ்சிகுடியிலயோ கல்முனையிலயோ ஒரு கொமியுனிகேஷனுக்குப் போய் ஸ்கான் பண்ணி அனுப்பலாம். உண்மையில ஸ்கான் போட்டோவை விட நல்லது, தாள் சாயாது, நிழல் விழாது. "300-இல, கலரில, இரண்டு பக்கமும்" எண்டு சொல்லுங்க. கறுப்பு வெள்ளையில எடுத்தா நீல மை முத்திரையும் கறுப்பு எழுத்தும் ஒன்றாக் கலந்துடும்.

ஆனா உங்கட ஈமெயிலின்ட கடவுச்சொல்லை அந்தக் கொம்பியூட்டரில அடிக்க வேணாம். கடைக்காரரின்ட ஈமெயிலில இருந்தே என்ட விலாசத்துக்கு அனுப்பச் சொல்லுங்க, விலாசத்தைக் கடிதத்தின்ட பின்பக்கத்தில எழுதியிருக்கன். அனுப்பினாப் பிறகு, உங்கட கண்ணுக்கு முன்னால அந்த ஸ்கானைக் கொம்பியூட்டரில இருந்தும், அவரின்ட Sent-இல இருந்தும் அழிக்கச் சொல்லுங்க. பிறப்புச் சான்றிதழில பேர், பிறந்த திகதி, தாய் தகப்பன் பேர் எல்லாம் ஒரே தாளில இருக்கு. வேறு ஆளின்ட கையில அது கிடந்தா பிழையான வேலைக்குப் பாவிக்க இலகு. கேக்க வெக்கப்பட வேணாம், நிதமும் பத்திரம் ஸ்கான் பண்ணுறவங்களுக்கு அது புதுசில்ல.

இதே காரணத்துக்காக, "மகனின்ட விசா அலுவலா கதைக்கிறம், சான்றிதழை இந்த நம்பருக்கு அனுப்புங்க" எண்டு யாராவது கோல் எடுத்தா அனுப்ப வேணாம். எனக்கு வேணும் எண்டா நான்தான் கேப்பன், என்ட முகத்தை வீடியோவில காட்டித்தான் கேப்பன்.

அனுப்பின உடனே வட்ஸ்அப்பில "போட்டாச்சு" எண்டு ஒரு வரி போடுங்க. உங்களுக்குக் காலை பத்து மணி எண்டா, கோடையில இங்க நடுச்சாமம் பன்னிரண்டரை, மாரியில இரவு பதினொன்றரை. அதால உடனே பதில் வராட்டி வரல்ல எண்டு நினைச்சுத் திரும்ப அனுப்ப வேணாம். நான் எழும்பின உடனே படத்தைப் பெரிசாக்கி, அந்த மூன்று இடத்தையும் வாசிச்சு, பதிவு இலக்கத்தை உங்களுக்கு எழுதி அனுப்புவன். அதைச் சான்றிதழோட வச்சு ஒத்துப் பாருங்க. ஒத்தா நான் அண்டைக்கே மொழிபெயர்க்கிறவரிட்டக் குடுப்பன். அதுவரைக்கும் சான்றிதழை அலுமாரிக்குள்ள அடியில வைக்காம, கைக்கு எட்டுற இடத்தில வையுங்க. ஒரு மூலை விளங்காட்டி அந்த மூலையை மட்டும் கிட்டவா எடுத்து அனுப்பச் சொல்லுவன்.

இப்படிக்கு,
உங்கட அன்பு மகன்